'ஸ்பான்சர் பண்ணுங்க சார்': புதூர்நாட்டுக் கபடிக் குழுவின் கடிதம் கடைக்காரரின் எந்தக் கணக்கில் போய் உட்காரும்?

ஜவ்வாது மலையில், திருப்பத்தூர் மாவட்டப் பக்கம் இருக்கிறது புதூர்நாடு. பக்கத்திலேயே நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு. சாமையும் திணையும் விளைகிற மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்கள். இங்கிருந்து கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள் பெரும்பாலும் கீழே திருப்பத்தூருக்கு இறங்கி வருகிறார்கள். படிப்போடு கபடியும் வாலிபாலும் சேர்ந்தே வருகிறது. அணியில் இடம் கிடைத்துவிடும். ஜெர்ஸிக்கும் வண்டிக்கும்தான் பணம் கிடைக்காது.

அந்த நேரத்தில் எல்லாக் கல்லூரி விளையாட்டுக் குழுக்களும் செய்வது ஒன்றுதான். யாராவது ஒருவர் இணையத்தில் 'ஸ்பான்சர்ஷிப் லெட்டர்' என்று தேடி, கிடைத்த ஆங்கிலக் கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றி, இருபது பிரதி எடுத்து, பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு கடையாக ஏறி இறங்குவது. மாலையில் கணக்குப் பார்த்தால் 101 ரூபாய், 201 ரூபாய், அதிகம் போனால் ஒரு 501. மற்ற இடங்களில், 'ஓனர் இல்ல தம்பி, அப்புறம் வாங்க.'

கடைக்காரர்களுக்கு விளையாட்டில் அக்கறை இல்லை என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தக் கடிதம் தவறான கணக்கில் போய் உட்காருகிறது, அவ்வளவுதான்.

கோயில் வசூல் கணக்கு

கடை வைத்திருப்பவரின் பக்கமிருந்து யோசித்துப் பாருங்கள். மாதத்தில் நாலைந்து முறை யாராவது ரசீது புத்தகத்தோடு வந்து நிற்கிறார்கள். கூழ் ஊற்றுகிறோம், திருவிழா நடத்துகிறோம், அன்னதானம் போடுகிறோம், பொங்கலுக்கு உறியடி வைக்கிறோம் என்று. இவர்களுக்காகவே கல்லாவில் ஒரு தொகை மனக்கணக்காக இருக்கும். கேட்பவரின் முகம் கோணாமலும் தன் கை கடிக்காமலும் கொடுத்து அனுப்புகிற தொகை அது. 'தங்களின் மேலான ஆதரவை வேண்டி' என்று தொடங்கும் எந்தக் கடிதமும், அது எத்தனை பக்கம் இருந்தாலும், இந்தக் கணக்கில்தான் விழும். அங்கே உச்சவரம்பு 501.

அதே கடைக்காரர்தான் ஆடித் தள்ளுபடிக்கு நோட்டீஸ் அடிக்கிறார், லோக்கல் கேபிளில் விளம்பரம் ஓட்டுகிறார், ஷேர் ஆட்டோ முதுகில் பெயர் எழுதுகிறார். அது விளம்பரக் கணக்கு. அங்கே ஐயாயிரமும் பத்தாயிரமும் சாதாரணம். ஆனால் அந்தப் பணத்தை எடுக்கும்போது அவர் கேட்கிற கேள்வி வேறு: 'இதை யாரு பாப்பாங்க? அவங்க நம்ம கடைக்கு வர்ற ஆளுங்களா?'

ஸ்பான்சர் கடிதம் பதில் சொல்ல வேண்டியது இந்த ஒரு கேள்விக்கு. நம் கல்லூரிக் கடிதங்களில் பெரும்பாலானவை இதைத் தொடுவதே இல்லை. உடல் ஆரோக்கியம், இளைஞர் சக்தி, நாளைய இந்தியா என்று முக்கால் பக்கம் ஓடிவிட்டு, கடைசி வரியில் 'தங்கள் நிறுவனத்துக்கு நல்ல விளம்பரம் கிடைக்கும்' என்று முடித்துவிடுகின்றன. எங்கே கிடைக்கும், யாரிடம் கிடைக்கும், எத்தனை பேரிடம்?

மூன்றாவதாக ஒரு கணக்கும் உண்டு. அதைப் பற்றித்தான் இணையத்துக் கடிதங்கள் அதிகம் பேசுகின்றன: சிஎஸ்ஆர். 'உங்கள் நிறுவனத்தின் சிஎஸ்ஆர் நிதியிலிருந்து உதவுங்கள்' என்று ஹார்டுவேர் கடைக்கு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். 2013-ம் ஆண்டு கம்பெனிகள் சட்டப்படி இந்தக் கடமை நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி அல்லது நிகர லாபம் 5 கோடி ரூபாயை எட்டிய கம்பெனிகளுக்குத்தான். ஹார்டுவேர் கடைக்காரர் அதைப் படித்துவிட்டு, இது தனக்கு எழுதிய கடிதமே இல்லை என்று புரிந்துகொள்வார்.

சரி, உண்மையிலேயே பெரிய கம்பெனிக்கு எழுதினால்? அப்போதும் சிக்கல் இருக்கிறது. கிராமப்புற விளையாட்டுப் பயிற்சி சிஎஸ்ஆர் பட்டியலில் இருப்பது உண்மைதான். ஆனால் 2021 ஜனவரியில் திருத்தப்பட்ட விதிகளின்படி, தன் பொருளுக்கோ சேவைக்கோ விற்பனை ஆதாயம் தேடி ஸ்பான்சர் செய்யும் செலவு சிஎஸ்ஆர் ஆகாது. ஆக, ஒரே கடிதத்தில் 'சிஎஸ்ஆரில் கொடுங்கள்' என்று கேட்டுவிட்டு, அடுத்த பத்தியில் 'ஜெர்ஸியில் உங்கள் லோகோ போடுகிறோம்' என்று எழுதினால், நாம் கேட்டதை நாமே ரத்து செய்கிறோம். இரண்டில் ஒன்றைத்தான் கேட்க முடியும். உள்ளூர்க் கடைக்கு எழுதும்போது அது லோகோ பக்கம்தான்.

இங்கே ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிட வேண்டும். விளம்பரமே எதிர்பார்க்காமல் கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். 1983-ல் மும்பையில் நடந்த தேசிய அணிகள் சதுரங்கப் போட்டிக்குப் போன 'மெட்ராஸ் கோல்ட்ஸ்' அணிக்கு ஸ்பான்சர், பாடகர் எஸ்.பி.பாலசுப்ரமணியம். அந்த அணியில் ஆடிய சிறுவன் விஸ்வநாதன் ஆனந்த். 2020-ல் எஸ்.பி.பி. மறைந்தபோது, அவர்தான் தன் முதல் ஸ்பான்சர் என்று ஆனந்த் நினைவுகூர்ந்த பிறகே பலருக்கு இந்த விஷயம் தெரிந்தது. இப்படி ஒருவர் கிடைத்தால் அது கொடுப்பினை. ஆனால் அதை நம்பி வண்டிக்கு அட்வான்ஸ் கொடுக்க முடியாது.

வேலூரில் காட்டினால் திருப்பத்தூர் கடைக்கு என்ன லாபம்?

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். திருப்பத்தூரில் ஒரு கல்லூரியின் கபடிக் குழு. வேலூரில் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி, இரண்டு நாள். அணியில் 12 பேர் (களத்தில் 7, மாற்று 5), அவர்களில் 7 பேர் புதூர்நாட்டுப் பக்கத்து ஊர்க்காரர்கள். பயிற்சியாளர், மேலாளரையும் சேர்த்து 14 தலை. இது ஒரு மாதிரிதான், விலைகளும் மாதிரிக்குத்தான். உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளலாம்.

ஜெர்ஸி 12 செட், செட்டுக்கு 450 என்றால் 5,400 ரூபாய். சாப்பாடு ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 250, 14 பேருக்கு இரண்டு நாள், 7,000. டேப், ஐஸ் ஸ்பிரே, முதலுதவிப் பொருட்கள் 1,000. வேன் இரண்டு நாளைக்கு 14,000. மொத்தம் 27,400. கல்லூரி தருவது 9,400 என்று வைத்துக்கொண்டால், வெளியே திரட்ட வேண்டியது 18,000.

இதில் முதலில் கண்ணை உறுத்துவது வேன் வாடகைதான். 'பஸ்ல போயிட்டா என்ன?' என்று யாராவது கேட்பார்கள். வேலூருக்குப் பஸ்ஸில் போய்விடலாம். ஆனால் ஆட்டம் முடிந்து இரவில் திருப்பத்தூர் வந்து இறங்கிய பிறகு, அந்த ஏழு பேர் மலை ஏறுவது எப்படி? அந்த நேரத்தில் கைக்குக் கிடைப்பது லோடு வண்டி. 2022 ஏப்ரல் 2-ம் தேதி புதூர்நாடு அருகே புலியூரிலிருந்து சேம்பறை கோயிலுக்கு ஆட்களை ஏற்றிச் சென்ற பிக்கப் வண்டி கவிழ்ந்து 11 பேர் இறந்தார்கள். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது சட்டப்படி தவறு என்பது எல்லோருக்கும் தெரியும். வேறு வண்டி இல்லாததால் ஏறுகிறார்கள். ஆகவே பட்ஜெட்டில் கை வைக்கக் கூடாத வரி என்று ஒன்று இருந்தால் அது இந்த 14,000தான். ஜெர்ஸி பழையதாக இருந்தாலும் ஆடலாம். கடிதத்திலும் இந்தக் காரணத்தை இரண்டே வரியில், அழவைக்காமல் எழுதிவிடலாம். திருப்பத்தூர் கடைக்காரருக்கு அந்த விபத்தைப் பற்றி விளக்க வேண்டியதே இல்லை.

இப்போது விளம்பரக் கேள்விக்கு வருவோம். வழக்கமான கடிதம் என்ன சொல்லும்? 'வேலூரில் பல்லாயிரம் பார்வையாளர்கள் முன்னிலையில் உங்கள் பெயர் தெரியும்.' முதலில், கல்லூரிப் போட்டியின் முதல் சுற்றுக்குப் பல்லாயிரம் பேர் வருவதில்லை. ஆடாத அணிகளும் சில நண்பர்களும் இருப்பார்கள். கடைக்காரரும் அந்த வயதைத் தாண்டி வந்தவர்தான், அவருக்குத் தெரியும். அதைவிட முக்கியம்: வேலூரில் யார் பார்த்தாலும் திருப்பத்தூரில் பைப்பும் மோட்டாரும் மருந்தடிக்கிற ஸ்பிரேயரும் விற்கிற கடைக்கு ஒரு பைசா பிரயோஜனம் இல்லை. வேலூர்க்காரர் பைப் வாங்கத் திருப்பத்தூர் வர மாட்டார்.

ஆனால் புதூர்நாட்டுக்காரர் வருவார்.

இந்தக் குழுவிடம் விற்பதற்கு உண்மையிலேயே ஒரு சரக்கு இருக்கிறது என்றால் அது இதுதான். மலையில் விளைந்ததை விற்றுக் காசு கையில் வந்ததும் குடும்பங்கள் கீழே இறங்கிப் பொருள் வாங்குகின்றன. விதை, உரம், பைப், துணி, செல்போன், டூவீலர். எந்தக் கடைக்குப் போவது என்பதைத் தெரிந்த முகம்தான் முடிவு செய்கிறது. 'நம்ம பசங்களுக்கு சட்டை வாங்கிக் கொடுத்த கடை' என்ற பேச்சு, ஷேர் ஆட்டோ விளம்பரத்தால் வராதது.

அதனால் குழு செய்ய வேண்டியது, போட்டிக்கு ஒரு வாரம் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, புதூர்நாட்டிலேயே ஒரு பயிற்சி ஆட்டம் வைப்பது. எதிரணி உள்ளூர் இளைஞர் அணி. பெரிய செலவில்லை. பள்ளி மைதானம் என்றால் தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் அனுமதி, சுண்ணாம்புக் கோடு, தண்ணீர், ஒரு துணி பேனர். புது ஜெர்ஸியைப் போட்டுக்கொண்டு ஆடுவது அங்கேதான் முதலில். பார்க்க வருகிற இருநூறு பேரும் கடைக்காரர் எதிர்பார்க்கிற இருநூறு பேர். வேலூரில் இரண்டாயிரம் பேர் பார்ப்பதைவிட அவருக்கு இது மதிப்பு அதிகம். கடிதத்தில் இதைத்தான் முதலில் வைக்க வேண்டும்.

பேனர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ரோட்டோரம் ஃபிளெக்ஸ் கட்டித் தருகிறோம் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். தமிழ்நாட்டில் அனுமதி இல்லாமல் பேனர் வைப்பது குற்றம். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து விழுந்து, டூவீலரில் போன இளம்பெண் உயிரிழந்த பிறகு இதில் நீதிமன்றமும் கடுமையாகவே பேசியிருக்கிறது. புதூர்நாட்டுச் சாலையோ காட்டு வழி. மைதானத்துக்குள், ஆட்டம் நடக்கிற நேரத்தில் மட்டும் கட்டி, முடிந்ததும் அவிழ்த்து எடுத்து வருகிற பேனர் போதும்.

கடிதம் எப்படி இருக்கும்?

தமிழில் இருக்க வேண்டும். படிப்பவருக்கு ஆங்கிலம் தெரியாது என்பதற்காகச் சொல்லவில்லை, ஆங்கிலத்தில் எழுதினால் எழுதுகிறவர்களே சுற்றி வளைக்கிறார்கள். ஒரு பக்கம், அதற்கு மேல் வேண்டாம். கல்லூரி லெட்டர்ஹெட்டில், முதல்வர் அல்லது உடற்கல்வி இயக்குநர் கையெழுத்தோடு. உள்ளடக்கம் ஏறக்குறைய இப்படி:

'ஐயா, வணக்கம். எங்கள் கல்லூரிக் கபடிக் குழு வரும் செப்டம்பரில் வேலூரில் இரண்டு நாள் போட்டியில் ஆடுகிறது. குழுவின் 12 பேரில் 7 பேர் புதூர்நாட்டைச் சேர்ந்தவர்கள். போட்டிக்கு முந்தைய ஞாயிறு காலை புதூர்நாட்டில் பயிற்சி ஆட்டம் நடத்துகிறோம். சென்ற முறை அங்கே ஆடியபோது சுமார் 200 பேர் வந்தார்கள்.

மொத்தச் செலவு 27,400 ரூபாய். கல்லூரி 9,400 தருகிறது. மீதி 18,000. இதில் தங்களிடம் கேட்பது 10,000. இது வேன் வாடகைக்குப் போகும். பிள்ளைகள் இரவில் லோடு வண்டியில் மலை ஏறக் கூடாது என்பதற்காகவே வேன் வைக்கிறோம்.

இதற்குப் பதிலாக: 12 ஜெர்ஸியிலும் நெஞ்சுப் பகுதியில் தங்கள் கடைப் பெயர். புதூர்நாட்டு மைதானத்தில் 6-க்கு 3 அடி துணி பேனர். ஆட்டத்தின் இடைவேளையில் மைக்கில் இரண்டு முறை அறிவிப்பு. குழுவின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் இரண்டு பதிவுகள். பின்தொடர்பவர்கள் 420 பேர். தங்கள் தொழிலில் உள்ள வேறு கடையின் பெயர் எங்கள் ஜெர்ஸியில் இருக்காது.

பணத்தைக் கல்லூரிக் கணக்கில் செலுத்தலாம், ரசீது உண்டு. போட்டி ரத்தானால் செலவாகாத தொகை திரும்ப வரும். முடிந்த பத்து நாளில் கணக்கும் படங்களும் தருகிறோம். வரும் வெள்ளிக்கிழமை காலை நேரில் வந்து பார்க்கிறோம்.'

இவ்வளவுதான். இதில் 420 என்ற எண்ணைப் பார்த்துச் சிலர் முகம் சுளிப்பார்கள். 'கம்மியா இருக்கே, போடணுமா?' போட வேண்டும். 420 என்று எழுதியவர்கள் சொல்கிற 200-ஐயும் கடைக்காரர் நம்புவார். 'ஆயிரக்கணக்கான ஃபாலோயர்கள்' என்று எழுதினால், பக்கத்தில் நிற்கிற கடைப்பையன் அங்கேயே மொபைலை எடுத்துப் பார்த்துவிடுவான்.

கவனித்தீர்களா, 'வெல்வோம்' என்று கடிதத்தில் எங்கும் இல்லை. நாக்-அவுட் போட்டியில் முதல் ஆட்டத்திலேயே வெளியேறலாம். வெற்றியை வைத்து விளம்பரம் விற்றால் தோற்றதும் கடன்காரர் ஆகிவிடுவீர்கள். புதூர்நாட்டு ஆட்டத்தை முன்னால் வைத்ததில் இன்னொரு வசதி இதுதான். வேலூரில் என்ன நடந்தாலும், கொடுத்த வாக்கில் பெரும்பகுதி அதற்கு முன்பே நிறைவேறியிருக்கும்.

ஏன் ஒரே கடையில் 18,000 கேட்கவில்லை என்றால், ஒருவர் மறுத்ததும் மொத்தமும் நின்றுவிடும். நெஞ்சுப் பகுதிக்கு 10,000, கைப்பகுதிக்குத் தலா 4,000 என இரண்டு கடைகள். கபடியில் சட்டை எண் முன்புறம் 4 அங்குலம், பின்புறம் 6 அங்குலமாவது இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. எண்ணுக்கு இடம் விட்டது போகத்தான் விளம்பரம். ஐந்தாறு பெயரைத் திணித்தால் ஜெர்ஸி கல்யாணப் பத்திரிகை மாதிரி ஆகிவிடும், ஒன்றும் படிக்க முடியாது. அதோடு, கல்லூரிப் பெயரில் ஆடும்போது கடைப் பெயர் போட்ட சட்டைக்கு அனுமதி உண்டா என்று போட்டி நடத்துகிறவர்களிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். இல்லை என்றால், புதூர்நாட்டு ஆட்டத்துக்கும் பயணத்துக்கும் மட்டும் அந்தச் சட்டை என்று கடிதத்தில் தெளிவாக எழுத வேண்டும். வாங்கிக்கொண்ட பிறகு சொன்னால் அது ஏமாற்று.

பணம் எந்தப் பெயரில், எந்த வழியில்?

'ஜிபே நம்பர் சொல்லு தம்பி, போட்டுடறேன்' என்று கடைக்காரரே சொல்வார். நல்ல மனசுதான். ஆனால் கேப்டனின் சொந்த நம்பருக்குப் பத்தாயிரம் வந்தால் அது கேப்டன் வாங்கிய பணம். மிச்சம் எங்கே என்று நாளை ஒருவர் கேட்டால் அவனிடம் காட்ட ஒன்றும் இருக்காது. குழு உடைவது பெரும்பாலும் தோல்வியால் இல்லை, இந்த மாதிரிப் பேச்சால்தான்.

கடைக்காரருக்கும் இது நல்லதல்ல. தொழிலுக்காகச் செய்த விளம்பரச் செலவை அவர் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்டலாம். அதற்கு ரசீது வேண்டும், அதில் 'ஜெர்ஸி விளம்பரத்துக்காக' என்று இருக்க வேண்டும். பலர் பழக்கத்தில் 'நன்கொடை' என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். நன்கொடைக்கு வரிச் சலுகை வேண்டுமென்றால் வாங்குகிற அமைப்புக்கு 80ஜி பதிவு இருக்க வேண்டும், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதுவும் கிடையாது. ரசீதில் ஒரு வார்த்தை தவறினால் அவருக்கு இரண்டு பக்கமும் இல்லாமல் போகலாம். அதேபோல ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவைத் தொழில் செலவாகக் கழிக்க முடியாது.

கடை தனி ஆள் பெயரில் இல்லாமல் பார்ட்னர்ஷிப்பாகவோ கம்பெனியாகவோ இருந்தால் இன்னொன்றும் வரும். ஸ்பான்சர்ஷிப்புக்கான ஜிஎஸ்டியை, பொதுவாக வாங்குகிற குழு கட்டாது, கொடுக்கிற நிறுவனமே கட்ட வேண்டியிருக்கும். 10,000-க்கு 18 சதவீதம் என்றால் 1,800. அதனால் 'ஆடிட்டரைக் கேட்டுட்டுச் சொல்றேன்' என்று ஒருவர் சொன்னால் அதைத் தட்டிக்கழிப்பு என்று நினைக்காதீர்கள். அவர் நிஜமாகவே கொடுக்க யோசிக்கிறார்.

தட்டிக்கழிப்புக்கு வேறு அடையாளம் உண்டு. 'பாக்கலாம் தம்பி', 'பண்ணிடலாம்', 'நீங்க ஆரம்பிங்க, நான் பாத்துக்கறேன்' என்பதெல்லாம் மரியாதையான மறுப்பு. இந்த வார்த்தையை நம்பி ஜெர்ஸி ஆர்டர் போட்டவர்கள் கைக்காசு இழந்திருக்கிறார்கள். கொடுக்கப் போகிறவர் கேள்வி கேட்பார். எந்த நாள், பேர் எங்க வரும், எவ்ளோ பெருசா வரும், பில் எப்படித் தருவீங்க? கேள்வி வரவில்லை என்றால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போகலாம். இதற்கு நேரம் பிடிக்கும் என்பதால் போட்டிக்கு ஆறு வாரம் முன்பாவது கடிதம் போய்ச் சேர வேண்டும். ஆடித் தள்ளுபடி நெரிசலிலும் தீபாவளிக்கு முந்தைய வாரங்களிலும் ஜவுளிக்கடை ஓனரைப் பார்க்கப் போவது வீண் அலைச்சல்.

யாரிடம் கேட்கக் கூடாது என்பதையும் குழு முதலிலேயே பேசி வைத்துக்கொள்வது நல்லது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆப்கள் சின்னப் போட்டிகளைக்கூடத் தேடி வந்த காலம் ஒன்று இருந்தது. 2025 ஆகஸ்ட்டில் வந்த மத்தியச் சட்டம் அந்த விளையாட்டுகளையும் அவற்றின் விளம்பரத்தையும் தடை செய்தது. அதன் பிறகு இந்தியக் கிரிக்கெட் அணியின் சட்டையிலிருந்தே 'ட்ரீம்11' பெயர் போய்விட்டது. அனுமதியில்லாத சீட்டு நடத்துகிறவர்கள், கந்துவட்டிக்காரர்கள் விஷயத்தில் சட்டத்தைவிட ஊர்ப்பேச்சு முக்கியம். மலையிலிருந்து வந்த ஏழு பேரின் முதுகில் ஒரு சீட்டுக் கம்பெனியின் பெயர் இருந்து, ஆறு மாதத்தில் அது ஓடிப்போனால், ஊருக்குள் கேள்வி அந்த ஏழு பேரின் வீட்டுக்குத்தான் வரும். 'நம்ம பசங்க சட்டை' என்ற பேச்சு இரண்டு பக்கமும் வெட்டும்.

அச்சுக்குப் போகும் முன்

கடை ஒப்புக்கொண்டதும் நடக்கிற வழக்கமான சொதப்பல் ஒன்று: விசிட்டிங் கார்டை மொபைலில் போட்டோ எடுத்து, வாட்ஸ்அப்பில் ஜெர்ஸி அடிக்கிறவருக்கு அனுப்பிவிடுவது. துணியில் பெரிதாக்கும்போது எழுத்து கலங்கி, பெயரே வேறு மாதிரி வரும். கடையின் பேனரோ நோட்டீஸோ அடித்துக் கொடுத்த டிசைனரிடம் கோரல்ட்ரா ஃபைல் இருக்கும், அதைக் கேட்டு வாங்க வேண்டும். பிறகு ஜெர்ஸி மாதிரியை ஒரு பிரிண்ட் எடுத்து, கடைக்காரரிடம் காட்டி, எழுத்துப்பிழை இல்லை என்று அதிலேயே கையெழுத்து வாங்கிவிடுங்கள். இன்ஷியல் மாறிய 12 சட்டைகளைக் கொண்டுபோய் 'அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கண்ணா' என்று நிற்பது, அடுத்த வருஷத்துக்கான கதவையும் சாத்திவிட்டு வருவதுதான்.

போட்டி முடிந்த பிறகு பெரும்பாலான குழுக்கள் காணாமல் போய்விடுகின்றன. ஜெயித்தால் கொண்டாட்டம், தோற்றால் வெட்கம். கடைக்காரரின் பார்வையில் இரண்டும் ஒன்றுதான்: பணம் வாங்கியவர்கள் திரும்பி வரவில்லை. அதனால்தான் அடுத்த வருஷம் புதுக் குழு வரும்போது 'போன வருஷம் வந்தாங்களே' என்று ஆரம்பிக்கிறார்.

நம் மாதிரிக் கணக்கில், வேன் வாடகை பேசிய 14,000-க்குப் பதில் 13,400-தான் ஆனது என்று வைத்துக்கொள்வோம். பத்து நாளுக்குள் குழு மறுபடி அந்த பைப் கடைக்குப் போகிறது. கையில் ஒரு பக்கக் கணக்கு, வேன் பில் நகல், இரண்டு படங்கள். ஒன்றில் புதூர்நாட்டு மைதானத்தில் பேனருக்கு முன்னால் ஊர்ச்சனம், இன்னொன்றில் வேனில் உட்கார்ந்திருக்கும் அணி. இன்ஸ்டாகிராம் பதிவை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று அந்த ஆப்பே காட்டும் எண், சின்ன எண்ணாக இருந்தாலும் உள்ளபடியே. வேலூரில் இரண்டாவது சுற்றில் தோற்றதும் அதிலேயே ஒரு வரி. கூடவே, மீதமான 600 ரூபாயைக் கடைக்கே திருப்பித் தரட்டுமா, அடுத்த பயிற்சிக்கு முதலுதவிப் பொருள் வாங்கட்டுமா என்று ஒரு கேள்வி. கடைக்காரர் அந்தப் பணத்தைத் திருப்பி வாங்க மாட்டார். ஆனால் கேட்க வேண்டும்.